ஒன்பதாம் படுக்கையின் வலி எண்கள்

ஏப்ரல் 6, திங்கள். காலை 11.15. மந்தாரக்குப்பத்தில் உள்ள தனியார் மருத்துவமனையில், பெண்கள் பிரிவில், ஒன்பதாம் படுக்கையில் என் மனைவி சேர்க்கப்பட்டாள். வயது அறுபத்தெட்டு. மார்பகப் புற்றுநோய், முதுகெலும்புக்குப் பரவியது. மருத்துவர் எழுதிய ஆணை: வழக்கமான வலிமருந்து எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, பத்துக்கு எத்தனை என்று நோயாளி சொல்லும் வலி எண் நான்கோ அதற்கு மேலோ இருந்தால் மட்டும் கூடுதல் மருந்து.

ஏப்ரல் 8, புதன். மாலை 4.00. வலி எண் எட்டு என்று பதிவு. 4.10: கூடுதல் மருந்து கொடுக்கப்பட்டது. ஒரு மணி நேரத்துக்குள் செய்ய வேண்டிய மறுபதிவு 6.35க்குச் செய்யப்பட்டது, எண் இரண்டு.

ஏப்ரல் 11, சனி. செவிலியர் மதிப்பீட்டுக்காகக் குலுக்கலில் எடுத்த பத்துத் தாள்களில் ஒன்று ஒன்பதாம் படுக்கையின் புதன்கிழமைத் தாள். மூன்றாம் தலைப்பில் அதற்கு அளிக்கப்பட்ட மதிப்பெண்: நான்குக்கு ஒன்று.

ஏப்ரல் 12 முதல் 21 வரை. அறுபது பதிவுகள். அறுபதும் மூன்று. கூடுதல் மருந்து கொடுக்கப்படவில்லை.

ஏப்ரல் 22, புதன். காலை 10.20. மரணம்.

மேலே உள்ளவை மருத்துவமனைக் கோப்பின் நகலிலிருந்து எடுத்தவை. ஓய்வுபெற்றோருக்கான மருத்துவச் செலவு விண்ணப்பத்தோடு இணைப்பதற்காக அந்த நகலைக் கேட்டு வாங்கினேன். மூன்றாம் தலைப்பில் அந்த ஒன்றை அளித்தவன் நான்.

முப்பத்தொரு ஆண்டுகள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கல்வி அளவீடு கற்பித்தேன். ஒருவரின் திறனை எப்படி மதிப்பிடுவது, மதிப்பிடுகிற இருவர் எப்போது ஒத்துப்போவார்கள், எந்த இடத்தில் ஏமாறுவார்கள் என்பவை என் பாடம். என் மனைவி சுரங்க நகரியத்துப் பள்ளியில் கணிதம் கற்பித்தாள். அவள் ஓய்வுபெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலிசெய்துவிட்டு மந்தாரக்குப்பத்தில் கட்டிய வீட்டுக்கு வந்தோம். அந்த மருத்துவமனை எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அதன் செவிலியர் கண்காணிப்பாளர் என்னைத் தேடி வந்தார். அவருடைய மகள் என் மனைவியிடம் படித்தவள். புதிதாக வரும் செவிலியர்களுக்குப் பயிற்சி கொடுக்க வழிமுறை எதுவும் இல்லை, யாரைத் திருத்துவது, எதைத் திருத்துவது என்று தெரியவில்லை என்றார். அவருக்காக ஒரே பக்கத்தில் ஒரு மதிப்பீட்டுத் தாள் தயாரித்தேன். ஐந்து தலைப்புகள், ஒவ்வொன்றிலும் ஒன்று முதல் நான்கு வரை படிகள், ஒவ்வொரு படிக்கும் அதில் என்ன நடந்திருக்க வேண்டும் என்ற விளக்கம். மூன்றாம் தலைப்பு வலி. நான்காம் படியின் விளக்கம் இப்படி இருந்தது: நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைக் கேட்டு, அவர் சொன்ன எண்ணைப் பதிவுசெய்தல்; எண் நான்கோ அதற்கு மேலோ என்றால் மருந்து கொடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் மீண்டும் கேட்டுப் பதிவுசெய்தல். முதற்படியின் விளக்கம் சுருக்கமானது: மறுபதிவு உரிய நேரத்தில் இல்லை.

முதல் ஆண்டு அது நன்றாகவே வேலைசெய்தது. சனிக்கிழமை மதியம் கண்காணிப்பாளரும் நானும் பத்துத் தாள்களைத் தனித்தனியே பார்த்து மதிப்பெண் இட்டு, பிறகு ஒப்பிடுவோம். செவிலியர்களும் வந்து உட்காருவார்கள். தாங்கள் தவறவிட்ட தாள்களை அவர்களே கொண்டு வந்து காட்டி, ஏன் தவறியது என்று பேசுவார்கள். பன்னிரண்டு நோயாளிகளுக்கு ஒருவர் என்றால் எந்த மணியில் கை மீறிப்போகிறது என்பது அந்தத் தாள்களில் தெரிந்தது. கண்காணிப்பாளர் அதைக் காட்டித்தான் பகல் பணிக்கு இன்னொரு ஆளைக் கேட்டார்.

நிர்வாக அதிகாரி ஆளைத் தரவில்லை. பதிலாக, இரண்டாம் ஆண்டு முதல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை தரும் ஊக்கத்தொகையை இந்த மதிப்பெண்ணோடு இணைத்தார். ஐந்து தலைப்புகளின் சராசரி மூன்றரைக்குக் குறையக் கூடாது. எந்தத் தலைப்பிலும் ஒரு முறைகூட ஒன்று வாங்கியிருக்கக் கூடாது. வாங்கியிருந்தால் அந்தக் காலாண்டுக்கு ஒன்றுமில்லை. செவிலியர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தத்தில் இருந்தவர்கள். அவர்கள் சம்பளத்தில் அந்தத் தொகை சிறியதல்ல.

கற்றுக்கொள்வதற்காக ஒருவர் தன் குறையைக் காட்ட வேண்டிய தாளையே, கூலிக்காக அவர் தன் குறையை மறைக்க வேண்டிய தாளாகவும் வைக்க முடியாது. இதை ஆண்டுதோறும் முதல் பருவத்தில் சொல்லிக்கொடுத்தவன் நான். நிர்வாக அதிகாரிக்கு ஒரு பத்தியில் அதை எழுதி அனுப்பினேன். அவர் தொலைபேசியில், மதிப்பிடுகிற பொறுப்பு என்னிடமே இருக்கும்போது எதற்குக் கவலை என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. மேலே எதுவும் எழுதவில்லை.

அடுத்த மாதத்திலிருந்து சனிக்கிழமைக் கூட்டத்துக்குச் செவிலியர்கள் வரவில்லை. தாள்கள் மட்டும் வந்தன, சுத்தமாக. நாள் முழுவதற்குமான பதிவுகள் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் இருந்தன. கீழே விழுதல் என்று ஒரு தலைப்பு உண்டு. அதில் குறை வரக் கூடாதென்று நடக்கக்கூடிய கிழவிகளையும் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை. முதுகில் புண் வந்தது. புண்ணுக்கு என் தாளில் தலைப்பு இல்லை. வலி எண்களில் நான்கும் ஐந்தும் ஆறும் ஏறக்குறைய மறைந்துபோய், எல்லாம் மூன்றில் வந்து குவிந்தன. எண் மூன்று என்றால் மருந்து வேண்டாம், மறுபதிவு வேண்டாம், தவற விடவும் வழியில்லை. எட்டு என்று எழுதியவள்தான் அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் மீண்டும் வந்து நிற்க வேண்டும்.

வரம்புக்கு ஒரு படி கீழே எண்கள் குவிந்தால் அங்கே யாரோ எண்ணைத் தாமே உருவாக்குகிறார்கள் என்று பொருள். முதலாண்டு மாணவனும் இதைச் சொல்லிவிடுவான். நானும் பார்த்தேன். ஒரு கோட்டுப்படம் வரைந்து, கவனிக்கத்தக்கது என்று அடியில் எழுதிக் கோப்பில் வைத்தேன். கவனிக்கவில்லை.

என் மனைவியை அங்கே சேர்த்தது, புதுச்சேரி மருத்துவமனையில் செய்ய இனி எதுவும் இல்லை என்று அனுப்பிவிட்ட பிறகு. வீட்டிலிருந்து நடந்து போய்வரலாம் என்பது ஒன்று. அந்த மருத்துவமனையின் வலித் தலைப்பின் சராசரி மூன்று புள்ளி ஒன்பது என்பது இன்னொன்று. இரண்டாவது காரணத்தையும் நான் எண்ணிப் பார்த்தேன் என்பதைப் பதிவுசெய்ய வேண்டும்.

முதல் இரண்டு நாள் எல்லா வேளையும் மூன்று எழுதினார்கள். யாரும் அவளைக் கேட்கவில்லை. புதன்கிழமை மதியப் பணிக்கு வந்த செவிலி கேட்டாள். கம்மாபுரம் பக்கத்துப் பெண், முப்பது வயது இருக்கும், வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம். நான் குளிப்பதற்காக வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது என் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். பதினெட்டு நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் சுருக்கம் இல்லாமல் தூங்குவதை அன்றுதான் பார்த்தேன். கட்டில் ஓரத்து அட்டையில் எட்டு என்று எழுதியிருந்தது. ஆறரை மணிக்கு அந்தச் செவிலி ஓடி வந்து, மந்தாரக்குப்பம் சாலையில் இரண்டு பைக் மோதிவிட்டதாகவும், நான்கு பேரைத் தூக்கிக்கொண்டு வந்ததாகவும், அதனால் தாமதம் என்றும் என்னிடம் சொன்னாள். அவளுடைய மேலாடையின் கைகளில் ரத்தம் இருந்தது. என் மனைவியை மெதுவாக எழுப்பிக் கேட்டு, இரண்டு என்றும், மணி 6.35 என்றும் எழுதினாள். 5.05 என்று எழுதியிருக்கலாம். மற்றவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். எழுதவில்லை.

சனிக்கிழமை அந்தத் தாள் குலுக்கலில் வந்தது. படுக்கை எண் மட்டுமே தெரியும்படி பெயர் மறைத்திருக்கும். கண்காணிப்பாளர் இரண்டு போட்டிருந்தார். நான் ஒன்று போட்டிருந்தேன். ஒரு படி வேறுபட்டால் பேசி ஒரு முடிவுக்கு வர வேண்டும் என்பது விதி.

அவர் மெல்ல, "சார், இது ஒம்பதாம் பெட்டு" என்றார்.

"தெரியும்."

"அன்னைக்கு விபத்து கேஸு. அந்தப் பொண்ணு ஒருத்திதான் இருந்தா. உங்களுக்கே தெரியும்."

"விளக்கத்தில் விபத்து என்று எதுவும் இல்லையே அம்மா. மறுபதிவு உரிய நேரத்தில் இல்லை. அவ்வளவுதான் இருக்கிறது."

என் மனைவியின் தாள் என்பதால் நான் சலுகை காட்டினேன் என்ற பேச்சு வரக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னேன். கண்காணிப்பாளர் தான் போட்ட இரண்டை அடித்து ஒன்று என்று எழுதினார். தாள்களை அடுக்கி வைத்துவிட்டு மாடியிலிருந்து இறங்கி வந்து, என் மனைவிக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு பத்து நாள் அவள் பக்கத்திலேயே இருந்தேன். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை யாராவது வருவார்கள். மற்ற செவிலியர்கள் அட்டையைப் பார்த்து எழுதிவிட்டுப் போவார்கள். அந்தப் பெண் மட்டும் குனிந்து கேட்பாள். என் மனைவி மூணு என்பாள். ஒரு நாள் அப்படிச் சொன்னபோது அவளுடைய வலது கை கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தது. விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. வலிக்கிறதா என்று நான் கேட்டேன். "அதான் சொன்னேனே" என்றாள். கணித ஆசிரியை, எண்ணில் தவறு செய்யாதவள். நான் அட்டையைப் பார்த்தேன். மூன்று. மருத்துவர் காலையில் வந்து அட்டையைப் புரட்டி, நல்ல கட்டுப்பாட்டில் இருக்கிறது, மருந்தைக் கூட்ட வேண்டியதில்லை என்றார். நான் தலையாட்டினேன். கையைப் பார்த்தவனும் நான்தான், எண்ணை நம்பியவனும் நான்தான்.

கடைசி இரண்டு நாள் அவள் பேசவில்லை. அப்போதும் மூன்று.

கோப்பின் நகல் மே மாதம் கைக்கு வந்தது. அறுபது மூன்றுகளையும் வரிசையாகப் பார்த்த பிறகு நிர்வாக அதிகாரிக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். ஊக்கத்தொகையை மதிப்பெண்ணிலிருந்து பிரிக்க வேண்டும் என்பது கோரிக்கை. ஒன்பதாம் படுக்கையின் ஏப்ரல் 12 முதல் 21 வரையிலான பதிவுகள் நம்பத்தக்கவை அல்ல என்பது அதற்கான சான்று. பேசவே முடியாதிருந்த நோயாளி எண் சொல்லியிருக்க முடியாது என்றும் குறிப்பிட்டேன். வாதம் ஒழுங்காக இருந்தது. கையெழுத்திட்டு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நான்காம் நாள் காலை கம்மாபுரத்துச் செவிலி எங்கள் வீட்டுக்கு வந்தாள். சீருடையில் இல்லாததால் முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. உள்ளே வரச் சொன்னேன். வாசற்படியிலேயே நின்றாள்.

"என்னை நிறுத்திட்டாங்க சார். பொய்யா எழுதினேனாம். நீங்க லெட்டர் குடுத்தீங்கன்னு காட்டினாங்க."

எல்லாரும்தானே எழுதினார்கள், உன்னை மட்டும் ஏன் என்று கேட்டேன். அந்தக் காலாண்டில் ஒன்று வாங்கியவள் தான் ஒருத்திதான் என்றாள். பட்டியலில் கடைசிப் பெயர் தன்னுடையது. மற்றவர்களுக்கெல்லாம் மூன்று புள்ளி ஒன்பது, நான்கு. அவர்களை எதைச் சொல்லி நிறுத்துவார்கள்?

பிறகு, கேட்காமலேயே, சொன்னாள். சனிக்கிழமை மதிப்பெண் ஒட்டப்பட்டதும், ஒன்னாம் நம்பர் வந்துட்டாங்கப்பா வழி விடுங்க என்று மூத்த செவிலி ஒருத்தி உணவு அறையில் எல்லாருக்கும் கேட்கச் சொல்லியிருக்கிறாள். எட்டுன்னு எழுதி எவளாவது தலையில கொள்ளி வெச்சுக்குவாளா, மூணுன்னு போட்டுட்டுப் போவியா என்றாளாம். இவள் மாலைப் பணியில் என் மனைவிக்கு ஊசிக்குழாயைச் சரிசெய்யும்போது அழுதிருக்கிறாள். என் மனைவி காரணம் கேட்டிருக்கிறாள்.

"நீ சொன்னாயா?"

"சொன்னேன் சார். யாரு ஒன்னு போட்டாங்கன்னு கேட்டாங்க. அதையும் சொன்னேன்."

எங்கள் தெருவில் நிலக்கரிச் சாம்பல் ஏற்றிய லாரி ஒன்று போனது. அது போன பிறகு அவள் தொடர்ந்தாள்.

"டீச்சர் சிரிச்சாங்க சார். இனிமே நீ வந்து கேளு, நான் மூணுன்னு சொல்றேன், நீ சொன்னதை எழுது, உன் மேல தப்பு வராதுன்னாங்க. நான் வேணாம்மா, வலிக்கும்மான்னு சொல்லிக்கினேதான் இருந்தேன். அவங்க கேக்கல."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

அவள் பதில் சொல்வதற்கு முன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டாள்.

"அவருகிட்ட சொல்லாத, சொன்னா அதுக்கும் ஒரு மார்க்கு போடுவாருன்னாங்க."

என் மனைவியின் குரலில் அது எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நாற்பத்திரண்டு ஆண்டுகள் கேட்ட குரல். கசப்பு இல்லாமல், விடைத்தாளில் கூட்டலைச் சரிபார்ப்பதுபோல் சொல்லியிருப்பாள்.

கடைசி இரண்டு நாள் அவள் பேசவில்லையே, அப்போது யார் எண் சொன்னது என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை. அந்தச் செவிலி, "நாந்தான் சார் எழுதினேன். எட்டுன்னு எழுதுனா திரும்ப வரணும். எங்க வர்றது? பதிமூணு பெட்டு எனக்கு" என்றாள். குரலை உயர்த்தவில்லை. பிறகு, வேறு மருத்துவமனையில் சேர அனுபவச் சான்றிதழ் வேண்டும், பொய்ப்பதிவு என்று எழுதிவிட்டதால் தர மாட்டேன் என்கிறார்கள், நான் சொன்னால் தருவார்கள் என்றாள். கம்மாபுரத்தில் அவர்கள் நிலம் சுரங்கத்துக்குப் போய்விட்டது, வூட்டுல இவள் சம்பளம்தான் என்பதையும் சொன்னாள். அதைச் சொன்னதற்காக உடனே வருந்துகிறவள்போல் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அன்று மதியமே நிர்வாக அதிகாரியைப் பார்த்தேன். அவர் எனக்கு இரங்கல் சொன்னார், காபி வரவழைத்தார். என் கடிதத்தைத் தெளிவான கடிதம் என்று பாராட்டினார். ஊக்கத்தொகையைப் பிரிக்க முடியாது என்றார். தரச்சான்றுக்காக வெளியிலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள், மதிப்பெண்கள் ஆண்டுக்கு ஆண்டு ஏறுவதைக் காட்ட இதைவிட நல்ல ஆவணம் இல்லை.

அந்தப் பெண் பொய் எழுதவில்லை, நோயாளி சொன்னதை எழுதினாள், தாளில் கேட்டிருப்பதும் அதுதான் என்று சொன்னேன்.

"கடைசி ரெண்டு நாள் பேஷண்ட் பேசலைன்னு நீங்கதானே சார் எழுதியிருக்கீங்க."

அது உண்மை. என் இரண்டாம் பக்கத்தில், மூன்றாம் பத்தியில் இருந்தது.

அந்த வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றேன். உண்மையைத் திரும்பப் பெற்றால் மற்ற வரிகளை யார் நம்புவார்கள் என்று அவர் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, என்னிடம் படித்தவன் கேட்பதுபோலக் கேட்டார். சான்றிதழ் விஷயம் மேலிடத்தில் முடிவாகிவிட்டது என்றார். பிறகு, மேசை மேலிருந்த என்னுடைய பழைய மதிப்பீட்டுத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"ஆறாவதா ஒரு தலைப்பு சேர்த்துக் குடுத்துடுங்க சார். பதிவுல நேர்மை. ஒன்னுலேருந்து நாலு. அதையும் போனஸோட சேர்த்துட்டா இந்தப் பிரச்சினையே வராது."

தாளை வாங்கிக்கொண்டேன். அவர் கொடுக்கும்போது கை தானாக நீண்டது. வெளியே வரும் வழியில் பெண்கள் பிரிவைக் கடந்து போக வேண்டும். ஒன்பதாம் படுக்கையில் வேறொரு பெண்மணி இருந்தார். இடுப்பு முறிந்தவர், ஒருக்களித்துப் படுத்து, தலையணை உறையைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார். அருகே நின்ற அவர் மகனிடம் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவன் கட்டில் ஓர அட்டையைத் தூக்கிப் பார்த்து, பரவாயில்லை சார், மூணுதான் என்றான்.

மருந்து அறையில் இருந்த செவிலியிடம் போய், ஒன்பதாம் படுக்கைக்கு வலி அதிகம், எண்ணைத் திருத்தி எழுதி மருந்து கொடுங்கள் என்று சொன்னேன். அவள் என்னைத் தெரிந்தவள். எழுந்து நின்று மரியாதையாகவே பேசினாள். மறுபதிவுக்கு ஒரு மணி நேரத்தில் அவள் வர முடியாமல் போனால் அந்தத் தாள் சனிக்கிழமை யாரிடம் போகும் என்று கேட்டாள்.

நான் வீட்டுக்கு வந்தேன்.

செய்யாமல் இருப்பவை:

1. கம்மாபுரத்துப் பெண்ணுக்கு என் பெயரில் ஒரு சான்றுக் கடிதம். மூன்று முறை தொடங்கினேன். 6.35 என்று எழுதியதைச் சொல்ல வேண்டும். அதற்கு நான் என்ன போட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

2. மதிப்பீட்டுத் தாளின் அடியில் தயாரித்தவர் என்று இருக்கும் என் பெயரை நீக்கச் சொல்வது.

3. வலி எண்கள் மூன்றில் குவிவதைக் காட்டும் கோட்டுப்படத்தை ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு அனுப்புவது.

4. மருத்துவச் செலவு விண்ணப்பம். கோப்பின் நகலை இணைக்க வேண்டும்.

5. ஒன்பதாம் படுக்கைப் பெண்மணியை மீண்டும் போய்ப் பார்ப்பது.